கோணம் பாதியானால் புலமும் பாதியா?

நாகர்கோவிலில் இளநிலை இயற்பியல் படித்தபோது நான் மிகவும் விரும்பிச் செய்தது காந்தப் பரிசோதனைகளைத்தான். புவியின் காந்த நடுக்கோடு குமரி மாவட்டத்துக்கு மிக அருகில் செல்வதால், இங்கே புவிப்புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைத்தளத்திலேயே இருக்கிறது. அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த ஊசியை வடக்கே பிடித்து வைப்பது அதுதான். அதற்குச் செங்குத்தாக, கிழக்கு மேற்காக வேறொரு புலம் வந்தால் ஊசி விலகும். விலகு கோணத்தின் டேன்ஜென்ட்டைப் புவிப்புலத்தால் பெருக்கினால் வந்த புலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முதலில் சட்டகாந்தம். விலகு காந்தமானியின் கைகளைக் கிழக்கு மேற்காக நிறுத்தி, காந்தத்தைக் கையின் மேல் நீளவாக்கில் வைத்தேன். காந்தத்தின் மையத்திலிருந்து ஊசிக்கு 20 செ.மீ. ஊசி இப்போது காந்தத்தின் அச்சுக்கோட்டில் இருக்கிறது. சராசரி விலகல் 41.5°. பிறகு கைகளை வடக்கு தெற்காகத் திருப்பி, காந்தத்தை அதே தொலைவில் கைக்குக் குறுக்காக வைத்தேன். இது நடுவரைக்கோடு, விலகல் 21°.

அச்சுக்கோட்டுப் புலம் நடுவரைக்கோட்டுப் புலத்தைப் போல இரு மடங்கு என்றுதானே படித்திருக்கிறோம், சரியாக வந்துவிட்டதே என்று பக்கத்து மேசை நண்பன் மகிழ்ந்தான். எட்டிப் பார்த்த சார், “மக்களே, கோணத்தை வகுக்காதே, டேன்ஜென்ட்டை வகு” என்றார். 0.885-ஐ 0.384-ஆல் வகுத்தால் 2.3 வருகிறது. பரிசோதனையில் பிழை இல்லை. இரு மடங்கு என்பது தொலைவோடு ஒப்பிட மிகக் குட்டையான காந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் காந்தத்தின் துருவங்களுக்கு இடையே 8 செ.மீ.; 20 செ.மீ. தொலைவுக்கு அது குட்டை அல்ல. 30 செ.மீ.க்கு நகர்த்தியதும் விகிதம் 2.1-க்கு இறங்கியது. இந்த இறக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சூத்திரத்தின் எல்லை எனக்குப் பிடிபட்டது.

அடுத்து டேன்ஜென்ட் கால்வனோமீட்டர். இதில் காந்தத்தின் இடத்தில் கம்பிச்சுருள். 5 சுற்று, ஆரம் 8 செ.மீ., மின்னோட்டம் 1 ஆம்பியர்: சுருளின் மையத்தில் 39.3 மைக்ரோடெஸ்லா. விலகல் 44.5°, அதன் டேன்ஜென்ட்டால் வகுத்தால் புவிப்புலம் 40 மைக்ரோடெஸ்லா. 45° பக்கம் வருமாறு ரியோஸ்டாட்டைத் திருப்புவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு டிகிரி தவறாகப் படித்தால் விடையில் 3.5 சதவீதம் பிசகும். 75°-யில் அதே ஒரு டிகிரி 7 சதவீதம் ஆகிவிடும்.

அம்மீட்டருக்குள்ளும் நிலைக்காந்தம் இருக்கிறது, அதனால் அதைத் தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டி, முள்ளின் இரு முனைகளையும் படிக்க வேண்டும். பிறகு மின்னோட்டத்தைத் திசைமாற்றிப் பாருங்கள். முன்பு 48°, இப்போது 41° என்று வந்தால் சுருளின் தளம் காந்த வடக்கு தெற்கில் நிற்கவில்லை. சராசரி எடுத்துச் சமாளிக்காமல், மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுச் சுருளை ஊசிக்கு இணையாக மறுபடி திருப்பி வையுங்கள்.