ழ இரண்டு, ற ஒன்றுமில்லை

ஒரு வைகாசி முகூர்த்த நேரத்தில், லேமினேட் செய்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாடிக்கையாளர் என் மேசையில் வைத்தார். 1971-இல் நடந்த அவருடைய அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை. மேலே ‘திருமண அழைப்பிதழ்’ என்று பட்டை நிப்பால் எழுதிய தலைப்பு. மகள் கல்யாணத்துக்கும் அதே தலைப்பு வேண்டும். கூடவே இன்னொரு அட்டையில் ‘வரவேற்பு விழா’ என்றும் அதே எழுத்தில் வேண்டும்.

"இந்த எழுத்து என்ன ஃபான்ட்னு பாத்துப் போட்ருங்க தம்பி" என்றார்.

எனக்கும் முதலில் ஃபான்ட் தேடத்தான் தோன்றியது. கணினியில் இருந்த பட்டை எழுத்துகளை எல்லாம் போட்டுப் பார்த்து அரைமணி நேரம் போனது. அப்புறம்தான் அந்தத் தலைப்பையே ஒழுங்காகப் பார்த்தேன். ழ இரண்டு முறை வருகிறது. ‘ழை’யில் உள்ள ழ-வின் வால் குட்டை. கடைசி ‘ழ்’-இன் வால் நீண்டு, சொல்லைத் தாண்டி வலப்புறம் ஓடுகிறது. அச்செழுத்தாக இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பாக இருந்திருக்கும். இது யாரோ ஓவியர் கையால் எழுதி, ப்ளாக் எடுத்து அச்சடித்தது. ஃபான்ட் கிடைக்கவே கிடைக்காது.

சரி, வரையத்தான் வேண்டும். கையில் இருப்பவை தி, ரு, ம, ண, அ, ழை, ப், பி, த, ழ். வேண்டியவை வ, ர, வே, ற், பு, வி, ழா. அப்படியே எடுக்கக்கூடிய முழு எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் உறுப்புகள் நிறையக் கிடக்கின்றன.

1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். இல்லஸ்ட்ரேட்டரில் `Image Trace` கொடுத்துப் பார்த்தால் ஒரு ம-வுக்கே ஏகப்பட்ட புள்ளிகள். மை பரவிய ஓரங்களின் ஒவ்வொரு பிசிறையும் அது எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. ப்ளாக் அச்சில் மை அழுந்தி வெளியே பிதுங்கும் என்பதால், காகிதத்தில் தெரியும் கோடு ஓவியர் எழுதியதைவிடக் கொஞ்சம் தடிமன். அதனால் பென் டூலில் கரும்பகுதியின் ஓரத்தில் இருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளி இழுத்தேன். வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி இவற்றில் மட்டும் புள்ளி வைத்தேன். ஹேண்டில்களை ஷிஃப்ட் அழுத்தி நேர்க்கோட்டில் இழுத்தால் வளைவு தானாக உருளும். நடுவில் கூடுதலாக ஒரு புள்ளி வைத்தால் அங்கே ஒரு புடைப்பு தெரியும்.

அடுத்து நிப்பின் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிதாக்கிய ப-வில் நெட்டுக்கோடு 17 பாயின்ட், அடிக்கோடு 10 பாயின்ட். பட்டை நிப்பை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் இந்த இரண்டும் சாய்வைச் சொல்லிவிடும்: 10-ஐ 17-ஆல் வகுத்தால் 0.59, அதை டேன்ஜென்ட்டாகக் கொண்ட கோணம் ஏறக்குறைய 30 பாகை. நிப்பின் அகலம் 20-ஐ ஒட்டி. இல்லஸ்ட்ரேட்டரில் இதே அளவில் ஒரு `Calligraphic Brush` செய்துகொண்டு, புதிய எழுத்துகளின் எலும்புக்கூட்டை அதனால் சாம்பல் நிறத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று அது காட்டும். அதையே இறுதி எழுத்தாக வைத்துக்கொள்ள முடியாது. கோடு முடிகிற இடத்தில் கை நிப்பை லேசாகத் திருப்பும், பிரஷ் திருப்பாது. சாம்பல் உருவத்தின் மேல் பென் டூலில் வெளிக்கோடு வரைந்து, தொடக்கத்தையும் முடிவையும் பழைய எழுத்துகளில் இருந்து எடுத்துப் பொருத்தினேன்.

ர சுலபம். ரு-வின் கீழ்ச்சுற்றை வெட்டிவிட்டு, வலக்காலின் அடியில் சாய்வாக ஒரு சின்னக் கோடு சேர்த்தேன். அந்தக் கோட்டையும் எடுத்துவிட்டால் ழா-வுக்கு வேண்டிய கால் கிடைத்துவிடும். வ-வின் தொடக்கச் சுழியை மூன்றுசுழி ண கொடுத்தது. அடிக்கோடும் வலப்பக்க நெட்டுக்கோடும் அ-விடம் இருந்தன. வே-க்கு இரட்டைக் கொம்பு வேண்டும், ஆனால் ழை-யில் இருந்தது சங்கிலிக் கொம்பு. அதில் ஒரு சுழியை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்சுற்றைப் புதிதாகப் போட்டேன். பு-வின் கீழிறங்கும் கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை ழ-வின் வால் சொன்னது. விழா-வுக்கு எடுத்தது ழை-யில் உள்ள குட்டை வால் ழ. நீண்ட வால், சொல்லின் கடைசியில் இருப்பதால் வந்த வால். அது எழுத்தின் உருவத்தில் சேராது. அதைச் சொல்லின் நடுவில் வைத்தால் பொருந்தாது.

மாட்டிக்கொண்டது ற-வில். ண-வில் இருந்து வளைவுகள் கிடைத்தன, வால் கிடைக்கவில்லை. ழ-வின் வாலை எடுத்தேன். அது வலப்புறம் ஓடி முடிகிறது, ற-வின் வால் இடப்புறம் போக வேண்டும். `Reflect` கொடுத்துத் திருப்பி ஒட்டினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. புரூஃப் அனுப்பினேன்.

மறுநாள் ஃபோன். 1971-இல் மணப்பெண்ணாக இருந்த அம்மாவே பேசினார்.

"எல்லாம் எங்க பத்திரிகை மாதிரியே இருக்குப்பா. அந்த ற மட்டும் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே?"

பிரிண்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 30 பாகையில் பிடித்த நிப், வலப்புறம் கீழே சரியும்போது முழு அகலத்துக்கு மை விடும். இடப்புறம் கீழே சரியும்போது தன் விளிம்பின் போக்கிலேயே போவதால் மெலியும். நான் திருப்பி ஒட்டிய வாலோ மெலிய வேண்டிய இடத்தில் கொழுத்திருந்தது. இடக்கையால் எழுதிய துண்டை வலக்கை எழுத்தில் ஒட்டியதுபோல. அன்றிலிருந்து பட்டை எழுத்தில் `Reflect` பக்கமே போவதில்லை. சுழற்றுவதும் அதே குற்றம்தான். சுருக்கினாலும் விரித்தாலும் கோட்டின் கனம் மாறிவிடும். நீளம் வேண்டுமானால் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும்.

ற-வின் வாலைப் புதிதாக எழுதினேன். பிரிண்ட்டின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து, இரண்டு பென்சில்களை ரப்பர் பேண்டால் கட்டி, அந்த ஜோடியை 30 பாகையில் பிடித்து இழுத்தேன். இரண்டு முனைகளின் கோடுகளும் எங்கே நெருங்குகின்றன என்று கண்ணுக்கே தெரிந்தது. ஏழெட்டு முறை இழுத்ததில் ஒன்று தேறியது. அதை ஸ்கேன் செய்து வரைந்தேன்.

மிச்சம் இருந்தது வ. வ, வே, வி என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஃபான்ட் வாடை அடிக்கும். பழைய இரண்டு ப-க்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். கோட்டின் கனம் மாறவில்லை, அகலம்தான் துளி வேறுபட்டது. அந்த அளவுக்கு மட்டும் மூன்று வ-க்களையும் தளர்த்திவிட்டேன். ற்-இன் புள்ளி பழைய ப்-இல் இருந்தபடியே, நிப்பை ஒரு தரம் ஒற்றி எடுத்த சாய்சதுரம்.

அட்டை தங்க ஃபாயிலில் அச்சாகிப் போனது. போன மாதம் அதே வாடிக்கையாளரின் தம்பி வந்திருந்தார்.

"அதான் எழுத்தெல்லாம் உங்ககிட்ட இருக்கே, பூப்புனித நீராட்டு விழான்னு அடிச்சுக் குடுத்துருங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

ன-வுக்கு ண-வில் ஒரு வளைவைக் குறைத்தால் போதும். பூ, நீ, டு மூன்றுக்கும் ரப்பர் பேண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.