தெரியாத ஊர்ல முழிச்சிட்டு நிக்கறவங்க கிட்ட மொதல் வார்த்தை என்ன பேசறது

வேலூர்ல லாட்ஜ் ரிசப்ஷன் வேலைன்னா பாதி நேரம் ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறது தான். எங்க லாட்ஜ் சிஎம்சிக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு தெருவுல இருக்கு, கண்ணாடி கதவுக்கு அந்தப் பக்கம் யார் போறாங்க யார் ரெண்டாவது தடவை போறாங்கன்னு எல்லாம் தெரியும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊர்ல வெளிநாட்டுக்காரங்கன்னா எல்லாரும் டூரிஸ்ட் கிடையாது. பங்களாதேஷ்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தான் அதிகம், அவங்கள்ல சில பேருக்கு எந்த மெஸ்ல மீன் கொழம்பு நல்லாருக்கும்னு என்னை விட நல்லா தெரியும். விஐடில படிக்கற வெளிநாட்டு பசங்க இருக்காங்க, சிஎம்சிக்கு ட்ரெய்னிங் வர்ற டாக்டர் பசங்க இருக்காங்க. இவங்கள நிறுத்தி "ஸ்ரீபுரம் கோல்டன் டெம்பிளா?"ன்னு கேட்டா சிரிச்சிட்டு போயிடுவாங்க. கைல ஃபைலும் எக்ஸ்ரே கவரும் இருந்தா அது ஆஸ்பத்திரி ஆளு, அவங்களுக்கு வேணும்னா எந்த கேட்டுன்னு தான் கேப்பாங்க. நெஜமாவே வழி தெரியாம நிக்கறவங்கள எப்படி கண்டுபுடிக்கறதுன்னா, சும்மா ஃபோன பாக்கறது கணக்கு இல்ல, எல்லாரும் தான் பாக்கறாங்க. ஃபோன கைல வெச்சிட்டு உடம்பையே திருப்பி திருப்பி பாப்பாங்க, மூலை வரைக்கும் போய்ட்டு திரும்பி வருவாங்க, ரெண்டு பேர்னா ஒருத்தர் பை கிட்ட நிப்பாரு இன்னொருத்தர் போர்டு போர்டா படிப்பாரு. இதுல ரெண்டு நடந்தாலே நான் எழுந்துடுவேன்.

ஆனா எழுந்து போய் "ஹலோ சார், வேர் கோயிங்?"னு கேட்டா அவங்க மூஞ்சி அப்படியே இறுகிடும். அதுக்கு அவங்கள குறை சொல்ல முடியாது. காட்பாடி ஸ்டேஷன்ல எறங்கினதுல இருந்து இதே ஹலோவ எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க, ஆட்டோ அண்ணன், ரூம் புரோக்கர், கூட நின்னு செல்ஃபி எடுத்துக்கலாமான்னு கேக்கற பசங்க. "மே ஐ ஹெல்ப் யூ"ன்னு நாம ஆசையா சொன்னாலும் அவங்க காதுல அது காசு கேக்கப் போற ஆளோட ஆரம்பம் மாதிரி தான் விழும். அதனால மொதல் பத்து செகண்ட்ல அவங்களுக்கு தெரிய வேண்டியது ரெண்டே விஷயம், இந்த ஆளு யாரு, இவனுக்கு நம்ம கிட்ட இருந்து என்ன வேணும்.

நான் பண்றது என்னன்னா பின்னாடி இருந்து போறதே இல்ல, அவங்க கண்ணுல படற மாதிரி முன்னாடி சைடா வந்து நாலடி தள்ளி நின்னுடுவேன். "ஹலோ, ஐ வொர்க் தேர்"னு எங்க கதவ கைய காட்டுவேன், ஏன்னா இடம் காட்டினா ஆளு எங்கயும் ஓட மாட்டான்னு ஒரு நம்பிக்கை வரும். அப்பறம் "விச் பிளேஸ் யூ ஆர் லுக்கிங் ஃபார்?"னு ஒரே கேள்வி. இங்க தான் நெறைய பேர் கோட்ட விடறாங்க, நாமளே பதில சொல்லி கேள்வி கேப்போம், "கோட்டையா? ஸ்ரீபுரமா?"ன்னு. பாதி பேருக்கு நம்ம இங்கிலீஷ் புரியாது, மரியாதைக்கு "யெஸ் யெஸ்"னு தலையாட்டிடுவாங்க, அப்பறம் ஸ்ரீபுரம் போற திருமலைக்கோடி பஸ்ல ஏறி உக்காந்துட்டு நான் கேட்டது இது இல்லயேன்னு முழிப்பாங்க. அவங்க வாயால எடத்து பேர் வரணும், வரலன்னா ஃபோன காட்ட சொல்லணும். காட்டினா எட்டிப் பாத்தா போதும், கைல வாங்கக் கூடாது, பையத் தொடவே கூடாது. எந்த நாடு, கல்யாணம் ஆச்சா, எத்தனை நாள் தங்கறீங்க, இந்த கேள்வி எல்லாம் நமக்கு சும்மா பேச்சு தான், ராத்திரில தனியா நிக்கற பொம்பளைக்கு அது வேற மாதிரி கேக்கும். அந்த மாதிரி நேரத்துல நான் எங்க ஹவுஸ்கீப்பிங் அக்காவ தான் கூப்பிடுவேன், அக்காவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, ஆனா அக்கா பக்கத்துல வந்து நின்னாலே அந்த பொண்ணு தோள் கொஞ்சம் எறங்கும். "நோ தேங்க்ஸ்"னு சொல்லிட்டா ஓகேன்னு சொல்லிட்டு திரும்பி வந்துடணும், ரெண்டாவது தடவை கேட்டா நாமளும் புரோக்கர் தான்.

போன வருஷம் ஒரு ராத்திரி எட்டு மணி இருக்கும், அம்பது வயசு தாண்டின ஒரு பிரெஞ்ச் புருஷன் பொண்டாட்டி, பெரிய பை ரெண்டு, எதிர் வரிசைல நின்னுட்டு இருந்தாங்க. போய் நான் சொன்ன மாதிரியே பேசினேன், அந்தம்மா டக்குன்னு ஃபோன காட்டிட்டாங்க. ஆப்ல ரூம் புக் பண்ணி காசும் கட்டியாச்சு, அந்த லாட்ஜ்ல போய் நின்னா "நோ ஃபாரினர்"னு ஒரே வார்த்தைல அனுப்பிட்டாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லல. அவருக்கு கோவம், அந்தம்மாவுக்கு நம்ம ட்ரெஸ் பாத்து சொல்லிட்டாங்களோன்னு ஒரு சந்தேகம்.

விஷயம் தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கற ஒருத்தர ரூம்ல தங்க வெச்சா, அவர் பாஸ்போர்ட் விசா விவரம் எல்லாத்தையும் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல எஃப்ஆர்ஆர்ஓன்னு வெளிநாட்டுக்காரங்கள பதிவு பண்ற அரசாங்க ஆபீஸுக்கு அனுப்பணும், நாங்க சி ஃபார்ம்னு சொல்லுவோம். அதுக்கு லாட்ஜ் பேர்ல மொதல்லயே ரிஜிஸ்டர் பண்ணி லாகின் வாங்கியிருக்கணும். சின்ன லாட்ஜ் பல பேர் அத வாங்கறதே இல்ல, போலீஸ் கேட்டா மாட்டிக்குவோம்னு பயந்து வேணாம்னு அனுப்பிடுவாங்க. ஆனா ஆப்ல அத எழுத மாட்டாங்க, புக்கிங் பாட்டுக்கு விழும். வெள்ளக்காரன் மேல வெறுப்பெல்லாம் ஒண்ணும் இல்ல, லாகின் இல்ல, அவ்ளோ தான். இத உக்காந்து மெதுவா சொன்னதும் தான் அவர் மூஞ்சி மாறிச்சு, இன்னான்னே தெரியாம நிக்கறது தான் அவங்களுக்கு பெரிய கஷ்டமா இருந்திருக்கு.

இப்போ சிக்கல் என்னன்னா எங்க லாட்ஜ்ல சி ஃபார்ம் இருக்கு, ரூமும் காலி. அப்போ நான் யாரு, ரோட்ல ஆள் புடிக்கற புரோக்கர் தானே? அதனால வரிசைய மாத்தி சொன்னேன். மொதல்ல அந்த பழைய புக்கிங்க என்ன பண்றதுன்னு: நீங்களா கேன்சல் கொடுத்துடாதீங்க, கொடுத்தா காசு போச்சுன்னு அர்த்தம், ஆப்ல கஸ்டமர் கேர்ல பேசி லாட்ஜ்காரங்க உள்ள விடலன்னு எழுதுங்க, புக்கிங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்கன்னேன். ரெண்டாவது, வெளிநாட்டுக்காரங்கள எடுக்கற ரெண்டு எடத்து பேர் சொன்னேன், போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி "சி ஃபார்ம் பண்ணுவீங்களா"ன்னு கேட்டுட்டு போங்கன்னு. கடைசில தான் எங்களோடதும் ஒண்ணு இருக்கு, ஏசி இல்ல, பாத்துட்டு சொல்லுங்கன்னேன். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறிச்சு, அதுக்கு 1363 நம்பர எழுதி கொடுத்தேன், அது மத்திய அரசோட டூரிஸ்ட் ஹெல்ப்லைன், ராத்திரி பகல் எப்பவும் இருக்கும், பிரெஞ்ச் ஜெர்மன் ஜப்பான் ரஷ்யன்னு பாஷைல பேசுவாங்க. ஊர்ல நெறைய பேருக்கு இந்த நம்பரே தெரியாது, ஸ்பீக்கர்ல போட்டா நடுவுல நாமளும் பேசலாம்.

அவங்க ஏசி வேணும்னு வேற எடத்துக்கே போனாங்க. ஓனர் மறுநாள் கேமரா பாத்துட்டு, "ஏம்பா, கதவு வரைக்கும் வந்த ஆள பக்கத்து லாட்ஜுக்கு அனுப்பற, உனக்கு சம்பளம் யாரு தர்றது?"ன்னு கேட்டாரு. அவர் கேக்கறதும் நியாயம் தான், நான் ஒண்ணும் சொல்லல.

ஆனா காலைல அந்தம்மா மட்டும் வந்து நின்னாங்க, திருவண்ணாமலைக்கு எப்படி போறதுன்னு. இதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. காட்பாடி சென்னை-பெங்களூர் லைன்ல பெரிய ஜங்ஷன், கோட்டைல இருந்து ஒரு ஏழு கிலோமீட்டர், பாலாத்துக்கு அந்தப் பக்கம். வேலூர் கன்டோன்மென்ட் சின்ன ஸ்டேஷன், ஆனா திருவண்ணாமலை வழியா விழுப்புரம் போற லைன் அது தான். மேப்ல ரெண்டையும் பாத்துட்டு எதுல போய் நிக்கறதுன்னு தெரியாம சுத்துவாங்க. ட்ரெயின் எண்ணிக்கை கம்மி, நேரம் ஒத்து வரலன்னா பஸ் தான், எம்பது கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு ரெண்டரை மணி நேரம்.

பஸ்ஸுக்கு என்ன கஷ்டம்னா போர்டு தமிழ்ல இருக்கும். "ஆஸ்க் சம்படி"ன்னு சொல்றது சுலபம், அவங்க "திருவன்னமலாய்"னு கேக்கறது கண்டக்டருக்கு ஓடற பஸ் சத்தத்துல என்னன்னு புரியும்? அதனால நான் பழைய பில் பின்னாடி மார்க்கர்ல பெருசா திருவண்ணாமலைன்னு எழுதி கொடுத்துடுவேன், கீழ இங்கிலீஷ்லயும் ஒரு தடவை. அவங்க எழுத்த எழுத்தா பாத்து போர்டோட ஒத்துப் பாக்கலாம், இல்லன்னா கண்டக்டர் கிட்ட சீட்ட காட்டினா போதும். பின்னாடியே இன்னொரு வரியும் எழுதுவேன், "இவங்களுக்கு தமிழ் தெரியாது, பஸ் ஸ்டாண்ட் வந்ததும் சொல்லி எறக்கி விடுங்க"ன்னு. இத கொடுத்தா நாம கூட போக வேண்டியதே இல்ல, அது தான் அதுல லாபம்.

அந்தம்மா சீட்ட ஃபோட்டோ எடுத்துட்டு, கோட்டைய பாக்க டைம் இருக்கான்னு கேட்டாங்க. நல்ல வேளை அன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்ல, இருந்திருந்தா மியூசியம் லீவு. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல கல்யாண மண்டபத்து தூண மட்டும் நிதானமா பாருங்க, பகல்ல போனா கல்லு சுடும், செருப்பு வேற வெளிய விடணும், அதனால இப்பவே கெளம்புங்கன்னேன். பைய எங்க கவுன்டருக்கு பின்னாடி வெச்சிட்டு போறீங்களான்னு நான் கேக்கல. அவங்களே தான் கேட்டாங்க.