கோடுகள் நிறைய, பேச்சு மட்டும் இல்லை

"சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், ஆனா பேச முடியல." டவர் புகார்களில் எனக்கு மிகவும் சவாலாக இருப்பது இதுதான். போனில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் சிக்னலின் பலத்தைத்தான் காட்டுகின்றன. கூடவே வரும் இரைச்சல் அவற்றில் தெரிவதில்லை. சாம்சங் போன்கள் பலவற்றில் `*#0011#` என்று டயல் செய்தால் இரண்டும் டெசிபல் கணக்கில் தெரியும்.

4ஜியில் `RSRP` என்பது சிக்னலின் பலம். −80 என்றால் நல்ல பலம், −110 என்றால் பலவீனம். 10 டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை `SINR` காட்டும் (சில போன்களில் வெறும் `SNR` என்றிருக்கும்). 20 இருந்தால் அருமை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரைச்சல் ஜெயித்துவிட்டது.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இரைச்சலின் அளவு கிடைக்கும். நான் நம்பிப் போவது இந்தக் கழித்தலைத்தான். வேறு டவர்களின் தொல்லை இல்லாத இடத்தில் அது ஏறக்குறைய −125 வரும். அது போனுக்குள்ளேயே இருக்கும் இரைச்சல், அதற்குக் கீழே போகாது. அடித்தள பார்க்கிங்கில் RSRP −119, SINR 5 என்று வந்தால் கழித்தபின் −124. அங்கே சிக்னல் உண்மையிலேயே எட்டவில்லை.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், ஒரு அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடி வீட்டில் பார்த்தது வேறு கதை. பால்கனியில் RSRP −82, கோடுகள் முழுசாக இருந்தன. SINR −1. கழித்தால் −81. அதாவது இரைச்சல் இருக்க வேண்டியதைவிட 44 டெசிபல் அதிகம். செல்லின் அடையாள எண்ணான `PCI` நின்ற இடத்திலேயே மூன்று எண்களுக்குள் மாறிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் மறைப்பு ஏதும் இல்லாததால் தூரத்து டவர்களும் கிட்டத்தட்ட சம பலத்தில் வந்து ஒன்றையொன்று கெடுத்தன.

அப்புறம் எதிர்ப்பக்கப் படுக்கையறைக்குப் போனேன். RSRP −101 ஆகிவிட்டது, SINR 11. வீட்டுக்கார அம்மா அங்கிருந்துதான் எப்போதும் பேசுவாராம். சுவர்கள் சிக்னலில் 19 டெசிபலைத் தின்றன. ஆனால் தொல்லையை 31 டெசிபல் குறைத்துவிட்டன.

இப்படி அளக்கும்போது போனை 4ஜியில் மட்டும் வைத்து, உடம்பு மறைக்காதபடி நீட்டிப் பிடித்து, ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எண்கள் சும்மாவே மூன்று நான்கு டெசிபல் ஆடும். `Band` மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; 850 மெகாஹெர்ட்ஸ் அளவையும் 2300 அளவையும் ஒப்பிட்டால் முடிவு தப்பாகும்.

அந்த வீட்டுக்கு பூஸ்டர் வைத்தால் தொல்லையும் சேர்ந்தே பெருகும். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த தூரத்து செல்லின் ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லி எழுதினேன். சாய்த்தபின் பால்கனியில் RSRP அதே −82 தான். SINR 7 ஆகியிருந்தது.