ஐயர் தாத்தாவின் இரண்டு நிமிடம்

தங்கச்சி கல்யாணம் சென்னையில். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயர் தாத்தா பாளையங்கோட்டையில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். எண்பதைத் தாண்டிவிட்டார். முட்டிவலியோடு ரயிலில் ஓர் இரவு அவரால் முடியாது. "ரிசப்ஷன்ல போட ஒரு வீடியோ வாங்கிரு, ரெண்டு நிமிஷம் போதும்" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். தாத்தாவிடம் கேட்டேன். "நீயே எழுதிக் கொண்டாடே, நான் வாசிச்சிர்றேன்" என்றார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அன்பு, விசுவாசம், பொறுமை, விட்டுக்கொடுத்தல் எல்லாம் வந்துவிட்டன. நாலு வசனமும் சேர்த்திருந்தேன். பிரசங்க நடையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கைபேசியில் நேரம் பார்த்தால் ஐந்து நிமிடத்தை நெருங்கிவிட்டது. நான் மனதுக்குள் வாசித்துப் பார்த்தபோது இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. வயதானவர்களுக்கு எழுதுகிறவர்கள் அவர்களையே ஒரு தரம் சத்தமாக வாசிக்கச் சொல்லி நேரம் பார்த்துவிட வேண்டும். அவருக்கு நிமிடத்துக்கு எழுபது வார்த்தைதான் வந்தது. அப்படியென்றால் எனக்கு நூற்றைம்பது வார்த்தைகூட முழுசாகக் கிடையாது.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இது யாருக்குடே எழுதியிருக்கே? பாப்பாவுக்கா, சபைக்கா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காகிதத்தில் தங்கச்சியின் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

பிறகு வசனங்களை ஒவ்வொன்றாக அடித்தார். முதலில் போனது ரூத். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்பதைக் கல்யாண அட்டையில்கூடப் போடுகிறார்கள். "அது மருமகள் மாமியார்கிட்ட சொன்னது. ரெண்டு பேரும் விதவைங்க. மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்ன மாதிரி நான் வாசிக்க மாட்டேன்." அடுத்தது 128ஆம் சங்கீதம், திராட்சக்கொடி, ஒலிவமரக் கன்றுகள். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள் என்று மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் சொந்தக்காரர்கள் 'எப்போ விசேஷம்' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். எத்தனையோ வருஷம் குழந்தை இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களும் உண்டு. அதை எடுத்துவிட்டோம்.

"தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்பதை அவர் அடித்த காரணம்தான் எனக்குப் புதிது. "அது ஆராதனையில கையைச் சேர்த்துப் பிடிச்சு, நடத்துற ஐயர் சொல்ல வேண்டியது. கோயில்ல அவர் காலையில சொல்லிட்டாருன்னா முடிஞ்சது. சாயங்காலம் மண்டபத்துல நான் டிவியில வந்து மறுபடியும் கல்யாணம் பண்ணி வைக்கக் கூடாதுல்லா." ஆகவே வீடியோவில் வருவது ஒரு பெரியவரின் வாழ்த்தும் ஜெபமும் மட்டுமே. நான் எழுதியிருந்த "உங்களைக் கணவன் மனைவியாக ஆசீர்வதிக்கிறேன்" என்ற வரியும் அதோடு போனது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசீர்வாதம். அதிலும் நான் கை வைத்திருந்தேன். இரண்டு பேராயிற்றே என்று "உன்னை" என்பதை "உங்களை" என்று மாற்றியிருந்தேன். "இஸ்ரவேல் ஜனம் மொத்தத்தையும் பார்த்துச் சொல்லும்போதே 'உன்னை'ன்னுதான் இருக்கு. ரெண்டு பேரும் தனக்குத்தான்னு கேட்டுக்கட்டும், விடு" என்றார்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சுக்குக் காபி வந்தது. தங்கச்சியைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது, உங்களுக்குக் கல்யாணமான புதிதில் எப்படி என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொண்டேன். என் வேலை வெட்டுவது மட்டும்தான். கடைசியில் நின்றது இதுதான்:

"பாப்பா, மாப்பிள்ளை, ரெண்டு பேருக்கும் தாத்தாவோட வாழ்த்துகள்.

பாப்பா, உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தன்னிக்கு, தொட்டித் தண்ணியைத் தட்டி என் அங்கியை நனைச்சே. அந்த ஈரத்தோடதான் அன்னிக்கு ஆராதனையை முடிச்சேன்.

மாப்பிள்ளை, உங்களை நான் இன்னும் நேர்ல பார்க்கலை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து சாப்பிடணும்.

எனக்கும் எங்க வீட்டம்மாவுக்கும் சண்டை வரும். பேசாம இருப்போம். ஆனா ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாகணும். யாராவது ஒருத்தர் பாட்டை ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா மத்தவர் கூடப் பாடாம இருக்க முடியாது. பெரும்பாலும் அவதான் ஆரம்பிப்பா. நான் ஆரம்பிச்சிருக்கலாம்னு இப்போ தோணுது.

உங்க வீட்லயும் யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க.

தினமும் ராத்திரி உங்களுக்காக நான் சொல்ற ஜெபம் இது."

இதற்குப் பிறகு வசனம். அதை மட்டும் காகிதத்தில் எழுதவில்லை. அவருக்கு மனப்பாடம். எழுதி வைத்தால் கண் காகிதத்துக்குப் போகும், எழுதாவிட்டால் கேமராவைப் பார்ப்பார் என்று ஒரு கணக்கு. கணக்கு பாதிதான் பலித்தது. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து" என்று தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை உயர்த்திவிட்டார். ஐம்பது வருஷப் பழக்கம். அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் உயர்த்திய கை படத்துக்கு வெளியே போய்விட்டதால் கைபேசியை இரண்டடி பின்னால் நகர்த்தி இன்னொரு தரம் எடுக்க வேண்டியதாயிற்று.

மற்ற பகுதியை 28 புள்ளி எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக உடைத்து அச்செடுத்தேன். பத்தியாக இருந்தபோது வரி தவறித் தவறித் தேடினார். உடைத்ததும் தடுமாற்றம் நின்றது. அந்தத் தாளைக் கைபேசிக்கு நேர் கீழே ஒட்டினேன், பார்வை அதிகம் இறங்காமல் இருக்க. ஜன்னலை அவர் முகத்துக்கு நேராக வைத்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் பளபளத்தது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் போய்விட்டது. மின்விசிறியை அணைத்தோம். மே மாதத்துப் பாளையங்கோட்டையில் விசிறி இல்லாமல் அங்கி போட்டு உட்கார்வது லேசில்லை. அதனால் இரண்டு தரத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். முதல் முறை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி, படம் மங்கிப்போய், பிறகு டாக்குமெண்டாக அனுப்பினேன்.

மண்டபத்தில் எதிரொலி இருக்கும் என்று அடியில் எழுத்து போடச் சொல்லியிருந்தேன். நல்லவேளை. அங்கி நனைந்த இடத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பில், மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்ட வரி யாருக்கும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நாலைந்து விநாடி இடைவெளி விட்டு வெட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளை எழுத்தைப் படித்துவிட்டுத் தங்கச்சி பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். என்னவென்று பிறகு விசாரித்தேன். தாத்தா வீட்டில் மீன் குழம்பு வைப்பார்களா என்று கேட்டாராம்.