89 சதவீதம் ஒத்துப்போனது, கப்பா 0.42 தான்

வேலூர்க்காரர்கள் ஊர்ப் பிரச்சினைகள் பற்றி எழுதிய கருத்துகளைப் ‘புகார்’, ‘புகார் அல்ல’ என்று பிரிக்கிற ஒரு சின்ன தரவுத்தொகுப்பு வேலை போன கோடையில் என்னிடம் இருந்தது. லேபிள் போட இரண்டு பெண்கள், ஒருவர் சத்துவாச்சாரி, இன்னொருவர் குடியாத்தம். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் முதல் 200 வாக்கியங்களை முடித்தார்கள். ஒப்பிட்டால் 178-க்கு ஒரே லேபிள், அதாவது 89 சதவீதம். சரி, மீதியை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிடலாம் என்று இருந்தவன், எதற்கும் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கிற கோஹன் கப்பாவையும் பார்த்தேன். கீழே a, b என்பவை இருவரும் போட்ட லேபிள்களின் பட்டியல்கள்.

```python
from sklearn.metrics import cohen_kappa_score
print(cohen_kappa_score(a, b))
```

0.42 வந்தது. குழப்பமாக இருந்ததால் கையால் போட்டுப் பார்த்தேன். சத்துவாச்சாரிப் பெண் 24 வாக்கியங்களைப் புகார் என்றிருந்தார், குடியாத்தம் பெண் 18. புகார் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, இதே விகிதத்தில் இருவரும் வாக்கியத்தைப் படிக்காமலே லேபிள் போட்டிருந்தாலும் சுமார் 81 சதவீதம் தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். கப்பா அந்த 81-ஐத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கிற 19-ல் எவ்வளவு பிடித்தோம் என்று கேட்கிறது: 89-ல் 81 போக 8, அதாவது 8/19. இன்னும் பச்சையாகச் சொன்னால், ஒருவராவது புகார் என்ற 32 வாக்கியங்களில் இருவரும் சேர்ந்து சொன்னது 10 தான். எனக்குத் தேவைப்பட்டதே அந்தப் புகார்கள்தான்.

முரண்பட்ட 22-ஐயும் மூவரும் உட்கார்ந்து வாசித்தோம். கை தவறிப் போட்டது மூன்றுதான். பன்னிரண்டு, கேள்வியாக எழுதிய தண்ணீர்ப் பிரச்சினை. “எட்டு நாள் ஆச்சு, தண்ணி எப்போ வரும்?” என்பதைக் குடியாத்தம் பெண் கேள்வி என்று விட்டிருந்தார். “அண்ணா, குடத்தோட நிக்கிறவங்க கேக்கறது கேள்வியா?” என்றார் சத்துவாச்சாரிப் பெண். இருவரும் கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த விதியில்தான் ஓட்டை, ‘குறை சொன்னால் புகார்’ என்று ஒரே வரி. கேள்வியில் தாமதமோ இழப்போ சொல்லப்பட்டிருந்தால் புகார், “நாளைக்குத் தண்ணி வருமா?” மாதிரி வெறும் விசாரிப்பு என்றால் இல்லை என்று மாற்றி, இரண்டுக்கும் உதாரணங்கள் சேர்த்தேன்.

மறுபடி அளக்க அதே 200-ஐக் கொடுக்கவில்லை. பேசித் தீர்த்த வாக்கியங்களில் எண் ஏறத்தான் செய்யும், அதை நம்ப முடியாது. புதிதாக 200 கொடுத்தேன். 190 ஒத்துப்போனது, 95 சதவீதம், கப்பா 0.79. சதவீதம் ஆறுதான் கூடியது, ஆனால் இருவரும் சேர்ந்து சொன்ன புகார் 22 ஆனது.

மிச்சமிருந்த பத்தில் பெரும்பாலானவை “ரோடு சூப்பர், பாலாத்துல போற மாதிரியே இருக்கு” என்கிற கிண்டல் ரகம். இவற்றுக்கு எந்த விதியும் பிடிபடவில்லை. நானே ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்தால் கருத்து வேறுபாடு இருந்த தடமே அழிந்திருக்கும், அதனால் இருவர் லேபிளையும் இரண்டு தனி நெடுவரிசையாகவே கோப்பில் வைத்திருக்கிறேன்.