பார்சல் பிக்கப் பாயிண்ட்: எட்டு ரூபாய் கமிஷனுக்கு எவ்வளவு பொறுப்பு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மளிகைக் கடையோ செல்போன் கடையோ வைத்திருப்பவர்களிடம் கூரியர் ஆள் வந்து, பார்சல்களைக் கடையில் வாங்கி வைத்து வாடிக்கையாளர் வந்து எடுத்துப் போகும் பிக்கப் பாயிண்ட் ஆகச் சொல்லும்போது முதலில் சொல்வது, “கமிஷன் கம்மிதான், ஆனா பார்சல் வாங்க வர்றவங்க உங்க கடையிலதானே சாமான் வாங்குவாங்க” என்பது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சேருவதில் பெரிய சிரமம் இல்லை. ஆதார், பான், பஞ்சாயத்து லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், ரத்து செய்த காசோலை ஒன்று, திரும்பக் கிடைக்கும் டெபாசிட், இவ்வளவுதான். நாங்கள் அதிக நேரம் செலவழித்தது ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடித்தான். பார்சல் காணாமல் போனால் யார் கொடுப்பது என்பது ஒன்று. எந்த நொடியிலிருந்து அது கடையின் பொறுப்பு என்பது மற்றொன்று. எங்கள் ஒப்பந்தத்தில் பொறுப்பு ‘இன்ஸ்கேன்’, அதாவது வந்த பார்சலை நாம் செயலியில் ஸ்கேன் செய்து ஏற்ற நொடியில் தொடங்குகிறது, வாடிக்கையாளரின் ஓடிபி ஏறும்போது முடிகிறது. இடையில் தொலைந்தால் பொருளின் பில் விலை டெபாசிட்டிலிருந்து கழியும்.

அதனால் காலையில் வண்டி வந்து பையை இறக்கும் பத்து நிமிடம்தான் அன்றைய நாளிலேயே முக்கியமானது. வண்டிக்காரருக்கு அடுத்து நாலைந்து கடை பாக்கி இருக்கும். “எல்லாம் சரியா இருக்கு, ஸ்கேன் போடுங்க” என்று அவசரப்படுத்துவார். அவர் நிற்கும்போதே பையின் சீல் எண் செயலியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பார்சல்களை எண்ணி, பிறகுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். பட்டியலில் 25 இருந்து கையில் 24 இருந்தால், இல்லாததை ‘ஷார்ட்’ என்று பதிந்து அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரம் கிழிந்தது, வேறு டேப் ஒட்டியது, குலுக்கினால் உடைந்த சத்தம் வருவது ஆகியவற்றை இன்ஸ்கேனுக்கு முன்பே போட்டோ எடுத்து ‘டேமேஜ்’ என்று போட வேண்டும். ஸ்கேன் ஆன பிறகு எடுத்த போட்டோவை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே வந்த பார்சலில் செல்போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தடித்த மார்க்கரால் எழுதி, இலக்க வரிசையில் அடுக்குங்கள். பெயர் வரிசை இந்தப் பக்கம் உதவாது. ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பார்கள், ஒரே பெயரைத் தமிழ் வீட்டில் ஒரு விதமாகவும் மலையாள வீட்டில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள்.

ஆட்கள் வருவது சாயந்திரம் ஐந்திலிருந்து எட்டுக்குள்தான், அதாவது கடை வியாபாரமும் சூடாக இருக்கும் நேரம். தவறு நடப்பதும் அப்போதுதான். “ஓடிபி சொல்றேனுங்ண்ணா, பையன் வர்றான், குடுத்துடுங்க” என்று போன் வரும். ஓடிபியை உடனே போட்டுவிட்டால் கணக்கில் பார்சல் போய்விட்டது, அலமாரியில் இருக்கிறது. பையன் வராமல் வேறு யாரோ வந்து வாங்கிப் போனால் நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆள் கடையில் வந்து நின்ற பிறகே ஓடிபி கேட்பது என்ற பழக்கத்தை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது, தெரிந்தவர்களுக்குக் குறிப்பாக. கேஷ் ஆன் டெலிவரி பார்சலில் பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் ஓடிபி. அந்தப் பணம் கடைக் கல்லாவில் விழவே கூடாது, தனி டப்பா வேண்டும். கல்லாவில் கலந்தால் இரவில் மளிகை பாக்கிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை கம்பெனிக்குக் கட்டும்போது துண்டு விழும்.

எல்லைக்கே உரிய தொந்தரவு பின்கோடு. கேரளத்தின் பின்கோடுகள் 67 முதல் 69 வரை தொடங்குபவை, தமிழ்நாட்டினுடையவை 60 முதல் 64 வரை. கோபாலபுரம் தாண்டி இருக்கும் உறவினர் நம் கடை விலாசத்தைப் போட்டுவிட்டு, பின்கோடு மட்டும் பழக்கத்தில் பொள்ளாச்சியுடையதைப் போடுவார். பிரிக்கும் இயந்திரம் விலாசத்தைப் படிக்காது, பின்கோடுபடி தமிழ்நாட்டுக் கிடங்குக்கு அனுப்பிவிடும். அந்தப் பக்கத்து டெலிவரி பையன் எல்லை தாண்டமாட்டான். ‘விலாசம் தவறு’ என்று விற்பவருக்கே திரும்பிப் போகும், திட்டு மட்டும் நமக்கு வந்து சேரும். அதனால் கடையின் முழு விலாசத்தையும் பின்கோட்டையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டிவிட்டோம், கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அதையே அனுப்புகிறோம்.

பார்சல் புக்கிங்கும் எடுத்தால் இரண்டு விஷயம். கேரள லாட்டரிச் சீட்டை அக்கரை உறவினருக்கு அனுப்பக் கொண்டுவருவார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை, வாங்கவே வேண்டாம். அடுத்தது எடை. 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் நேந்திரம் சிப்ஸ் மூன்று கிலோதான் இருக்கும். ஆனால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ வருகிறது. பல கம்பெனிகள் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடுகின்றன. வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி, சேவைக்குச் சேவை மாறும், கேட்டு வையுங்கள். மூன்று கிலோவுக்கு வாங்கிவிட்டால் கிடங்கில் மறுபடி அளந்து வித்தியாசத்தை நம் கணக்கில் கழிப்பார்கள். வாடிக்கையாளர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். தராசு பக்கத்தில் அளக்கும் டேப் ஒன்று தொங்கட்டும்.

இப்போது கணக்கு. பார்சலுக்கு 8 ரூபாய், நாளைக்கு 25 பார்சல், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 5,200 ரூபாய். வருடக் கமிஷன் 20,000-ஐத் தாண்டுவதால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், மாதம் 104. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைக் கேட்டு வாங்கலாம். நெட், மார்க்கர், டேப், போன் செலவு என்று 600 போகட்டும். ஒரு பார்சலுக்குத் தேடல், ஓடிபி, பணம் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் என்றால் தினம் 75 நிமிடம், அதுவும் சாயந்திரக் கூட்டத்தில்.

இனி அந்த “சாமான் வாங்குவாங்க”. இரண்டு வாரம் பார்சல் வாங்கியவர் ஏதாவது வாங்கினால் பில்லில் ‘ப’ என்று குறித்து வாருங்கள். 25 பேரில் 6 பேர் சராசரி 60 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்றால் வியாபாரம் 360, மளிகையில் 12 சதவீத லாபம் என்றால் நாளைக்கு 43 ரூபாய். மாதம் 1,120 சொச்சம். அதிலும் சிலர் எப்படியும் நம் கடைக்கு வருகிறவர்கள்தான், அவர்களைக் கழித்துவிட வேண்டும். செல்போன் கவர், ரீசார்ஜ் விற்கும் கடையில் இந்த எண் நன்றாக இருக்கலாம், மளிகையில் இவ்வளவுதான்.

ஆகவே வருமானம் என்பது கமிஷன்தான், அதுவும் பொறுப்புக்கான கூலி. 4,600 மிஞ்சும் மாதத்தில் 2,000 ரூபாய் பார்சல் ஒன்று தொலைந்தால் 2,600. இரண்டு தொலைந்தால் அந்த மாதம் சும்மா உழைத்ததுதான். இதை வைத்துத்தான் பேரம் பேச வேண்டும்: ஒரு நாளைக்கு 30 பார்சலுக்கு மேல் இறக்கக் கூடாது, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் வேண்டாம், ஐந்து நாளில் யாரும் எடுக்காததை ஆறாம் நாள் வண்டி திரும்ப எடுத்துப் போக வேண்டும். முதல் இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதை எழுத்தில் வாங்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் ஓணம் தள்ளுபடி விற்பனையில் வந்து யாரும் எடுக்காத பார்சல்கள் அலமாரியை அடைத்துக்கொண்டு, அரிசி மூட்டைக்கு இடமில்லாமல் போகும்.