நூலகத்துக்குப் போன விடுப்புக் கடிதம்

பள்ளியில் மாற்றுப் பாடவேளைப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னுடையது. காலை வழிபாட்டுக்கு முன் விடுப்புக் கடிதம் கைக்கு வந்தால்தான் எந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும். வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் கையொப்பக் கட்டம் காலியாகக் கிடக்கும். அதுவே பின்னர் முன் அனுமதியின்றி வராத நாளாகக் கணக்கில் ஏறி, சம்பளப் பிடித்தம் வரை போகக்கூடும்.

எங்கள் கணித ஆசிரியை, தம் தாயாரின் அறுவை சிகிச்சைக்காக மூன்று நாள் விடுப்பு கேட்டு எழுதிய கடிதத்தை முந்தைய நாள் மாலையே அலுவலகத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நூலகத்துக்கு வந்த வார இதழ்களும் அதே தட்டில் இருந்ததால், அவற்றை எடுத்துச் சென்றபோது கடிதமும் கூடவே போய்விட்டது. மறுநாள் முதல் மணி அடித்தும் ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் இல்லை. அவருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டிருந்தது. தலைமையாசிரியர் பதிவேட்டைத் தம் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னபோது எனக்குக் கவலையாக இருந்தது.

இதழ்களைப் பிரித்த நூலகர் கடிதத்தைக் கண்டது அந்த நேரத்தில்தான். அவர் அதை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருந்தால் அதுவே போதும் என்றுதான் எவரும் நினைத்திருப்போம். அவரோ கடிதத்தின் ஓரத்தில், 'நேற்று மாலை இதழ்க் கட்டுடன் நூலகத்துக்கு வந்துள்ளது. இன்று காலை பிரித்தபோதுதான் பார்த்தேன்' என்று எழுதி, நேரமும் தேதியும் குறித்துக் கையொப்பமிட்டு, தாமே தலைமையாசிரியரிடம் கொண்டுவந்தார். தாமதத்துக்குக் கடிதம் எழுதியவர் பொறுப்பல்லர் என்பதற்கு அந்தக் குறிப்பே சான்றாயிற்று. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு அங்கேயே விடுப்பை அனுமதித்தார். வழியில் என்னவென்று விசாரித்தவர்களிடம் நூலகர் காரணத்தைச் சொல்லவில்லை. வீட்டுத் துயரம் ஆசிரியர் அறையில் பேச்சாகிவிடக் கூடாது என்று நினைத்த அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடிதத்துடன் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. எந்த வகுப்பு எந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று ஆசிரியை அதில் தெளிவாக எழுதியிருந்தார். நான் பட்டியலைத் திருத்தி முடிப்பதற்குள் நூலகரே ஒன்பதாம் வகுப்பை நூலகத்துக்கு அழைத்துப்போய், அந்தக் கணக்குகளைக் கொடுத்திருந்தார். கணிதம் அவருடைய பாடம் அன்று. ஆதலால் விடையைச் சரிபார்க்க முயலாமல், ஒவ்வொருவரும் எந்த வரியில் நின்றுபோனார்களோ அந்த வரியின் கீழ்க் கோடிடும்படி மட்டும் சொல்லி, நோட்டுகளை வாங்கி அடுக்கி வைத்தார். அடுத்த இரண்டு நாளும் தமக்கு ஓய்வான பாடவேளையில் அவ்வாறே செய்தார்.

ஆசிரியை திரும்பி வந்தபோது நோட்டுகள் அவர் மேசையில் இருந்தன. பாதிப் பேருக்கு மேல் ஒரே இடத்தில் கோடிட்டிருந்தார்கள்: -2(x - 3) என்பதை விரிக்கும்போது கடைசியில் வருவது +6-ஆ, -6-ஆ என்பதில் தடுமாறியிருந்தார்கள். நூலகரிடம் போய் அவர் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பேசிவிட்டு வந்த ஆசிரியை, அன்றைய பாடத்தை அந்த வரியிலிருந்தே தொடங்கினார்.